கண்ணை மூடினாலும் தெரிகிறது

மாமாவின் கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "பார்வை மாற்றம், வோரிகொனசோலின் தெரிந்த பக்கவிளைவு, தானாகச் சரியாகும்." வோரிகொனசோல் பூஞ்சை நோய்க்கான மருந்து. அந்த வரியை எழுதியபோது அதில் ஒரு தப்பும் கிடையாது. நான்கு நாள் கழித்து அதே வரிதான் ஒரு ராத்திரி முழுக்க எல்லோரையும் சும்மா இருக்க வைத்தது. மாமா இப்போது நன்றாக இருக்கிறார், சிவகாசியில் உட்கார்ந்து அத்தையின் சமையலில் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் அந்த வரி இன்னும் ஆறவில்லை.

நான் ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்ட். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். மாமா ஆப்செட் அச்சகத்தில் முப்பது வருஷம் மெஷின்மேனாக இருந்தவர். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள் என்று ஓட்டியவர். அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, முதல் கீமோ முடிந்த இரண்டாவது வாரத்தில் வெள்ளையணுக்கள் கிட்டத்தட்ட இல்லை என்ற நிலையில் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஆன்டிபயாட்டிக்குக்கு அசையவில்லை. சி.டி. எடுத்தால் வலது நுரையீரலில் ஒரு கட்டி, அதைச் சுற்றி நிலாவுக்குப் பரிவட்டம் கட்டினாற்போல மங்கலான ஒரு வளையம். பூஞ்சை ரத்தக்குழாய்க்குள் புகுந்து சுற்றிலும் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் தெரியும். ரத்தத்தில் பூஞ்சையின் தடயத்தைத் தேடும் கேலக்டோமனன் பரிசோதனையும் பாசிட்டிவ். ஆஸ்பெர்ஜில்லஸ். நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிற பூஞ்சைதான். வெள்ளையணுக்கள் இருக்கிறவரை அது உள்ளே வந்ததே நமக்குத் தெரியாது.

இந்த நோய்க்கு வோரிகொனசோல் என்றால் யாரும் இரண்டு முறை யோசிப்பதில்லை. 2002-இல் வந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில், பழைய ஆம்போடெரிசின் பெற்றவர்களில் 12 வாரம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 58 சதவீதம், வோரிகொனசோல் பெற்றவர்களில் 71 சதவீதம். மாமாவின் எடை 58 கிலோ. முதல் நாள் கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்கில் 350 மில்லிகிராம் இரண்டு வேளை டிரிப்பில். மறுநாளிலிருந்து கிலோவுக்கு 4 என்று 230. ஐந்தாம் நாள் மாத்திரைக்கு மாற்றினோம்: காலை 8, இரவு 8, வேளைக்கு 200. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ கொடுக்க வேண்டும், கொழுப்பான சாப்பாட்டோடு போனால் உடம்பில் சேர்வது குறையும். இதெல்லாம் நானே போய்ச் சொல்லி, அத்தையிடம் இட்லி டிபனை 9 மணிக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன்.

மாத்திரை தொடங்கிய அன்று மாமா என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, இங்கன வா. அந்த டியூப் லைட்டப் பாரு. பொசுக்குனு வெளிச்சம் கூடிருச்சு. உங்க அத்தை சேலையில சிவப்பு தனியா விலகி நிக்குது. நாலு கலர்ல ஒண்ணு ரெஜிஸ்டர் தள்ளி அடிச்ச மாதிரி."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மாத்திரை போட்டு அரைமணி இருக்கும் என்றார். 9 மணிக்கு மேல் போனபோது, "இப்ப சேந்துருச்சு" என்றார். பாடப்புத்தகத்தில் இருப்பதைப் பாடப்புத்தகத்தைவிட நன்றாகச் சொல்லும் நோயாளி கிடைத்தால் என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் குஷி வந்துவிடும். சிரித்துக்கொண்டே, "இது இந்த மருந்தோட குணம் மாமா, ஐந்து பேர்ல ஒருத்தருக்காவது வரும், பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லி அந்த வரியையும் எழுதினேன். நர்ஸ்களிடமும் சொல்லிவைத்தேன்.

உண்மையிலேயே பயப்பட ஒன்றுமில்லாத விஷயம் அது. விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்களுக்கும் அடுத்த செல்களுக்கும் நடுவே செய்தி கடத்தும் ஒரு வாயில் இருக்கிறது, டி.ஆர்.பி.எம்.1 என்று பெயர். வோரிகொனசோல் அந்த வாயிலைத் தற்காலிகமாக அடைக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். மருந்து உச்சத்துக்குப் போகும்போது வெளிச்சமும் நிறமும் கலங்கும், இறங்கும்போது தெளியும். விழித்திரைக்கு நிரந்தரக் காயம் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் இந்தத் தொந்தரவே குறைந்துவிடும். வண்டி ஓட்டாதீர்கள், ராத்திரி தனியாகப் படியிறங்காதீர்கள் என்று சொல்வதோடு சரி.

ஒன்பதாம் நாள் ராத்திரி

சிகிச்சையின் ஒன்பதாம் நாள் காலை 6.30-க்கு வார்டுக்குப் போனேன். அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். ராத்திரி 3 மணியிலிருந்து மாமா தூங்கவில்லையாம். மெஷின் ஓடுகிறது என்கிறார், பேப்பர் வெளியே வந்துகொண்டே இருக்கிறது என்கிறார், கட்டு எடுக்க ஆளில்லை என்று எழுந்து போகப் பார்க்கிறார். நர்ஸிடம் சொன்னபோது அந்தப் பெண் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "அது அந்த மருந்துக்கு வர்றதுதாங்க, எழுதியே இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எழுதியது நான்.

மாமா என்னை அடையாளம் கண்டுகொண்டார், பேச்சும் தெளிவாக இருந்தது. அதுதான் இன்னும் குழப்பியது. "இது பொய்னு எனக்கே தெரியுது தாயி. ஆனா கண்ண மூடினாலும் தெரியுது. சத்தமும் கேக்குது."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கண்ணின் கோளாறு. கண்ணுக்குள் வெளிச்சம் வந்தால்தான் அந்தக் கோளாறுக்கு வேலை. மாத்திரை போட்ட அரைமணியில் வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும். இது 8 மணி மாத்திரைக்கு ஏழு மணி நேரம் கழித்து, இருட்டில், மூடிய கண்ணுக்குள், உருவத்தோடும் சத்தத்தோடும் வருகிறது. இது கண் அல்ல, மூளை. இரண்டையும் "பார்வை மாற்றம்" என்ற ஒரே சொல்லில் கட்டிப்போட்டது என் வேலை.

மூளை என்றால் இரண்டு வழி இருந்தது, இரண்டும் எதிரெதிர்த் திசை. ரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறி ஏறியிருந்தால் இந்த மாதிரிப் பிரமைகள் வரும். மருந்தைக் குறைக்க வேண்டும். அல்லது பூஞ்சை நுரையீரலிலிருந்து ரத்தத்தோடு மூளைக்குப் போயிருக்கலாம். அப்படியானால் வோரிகொனசோல்தான் மூளைக்குள் நன்றாகப் போகும் மருந்து, அதை இப்போது குறைப்பதுபோன்ற முட்டாள்தனம் வேறில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஹெமட்டாலஜி டாக்டரை எழுப்பினேன். அவர் வரிசையாகச் சொன்னார். 8 மணி மாத்திரையைக் கொடுக்காதே. அதற்கு முன்னால் லெவலுக்கு ரத்தம் எடு. சோடியம், சர்க்கரை, கல்லீரல் என்சைம்கள் பார். இன்றைக்கே மூளைக்கு எம்.ஆர்.ஐ. மருந்தை நிறுத்தி வைக்கிற இடைவெளியில் பூஞ்சை சும்மா இருக்காது, அதனால் லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஏற்று.

லெவல் என்று வார்டில் நாங்கள் சொல்வது அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்னால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் அளவை, அதாவது பள்ளத்தை. மேடு அல்ல. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் யாருக்குமே அதிகமாகத்தான் இருக்கும், அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மருந்து டிரிப்பில் போகிறவர்களுக்கு அதே லைனிலிருந்து ரத்தம் எடுத்தால் குழாயில் ஒட்டியிருக்கும் மருந்தும் சேர்ந்து வந்து எண் எகிறிவிடும்; மறுகையில் குத்தி எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்த நேரம், கடைசி மாத்திரையின் நேரம் இரண்டையும் சீட்டில் எழுத வேண்டும். 7.30-க்கு நானே நின்று எடுக்க வைத்து எழுதினேன். இந்த ரத்தம் ஐந்தாம் நாளே போயிருக்க வேண்டியது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் இந்தப் பரிசோதனை கிடையாது, வெளியூர் லேபுக்கு ஐஸ் பெட்டியில் கூரியர் போகும், ஞாயிறு கூரியர் இல்லை. திங்கள் அனுப்பலாம் என்றார்கள். திங்கள் யாரும் அனுப்பவில்லை, நான் உள்பட.

எம்.ஆர்.ஐ.யில் மூளை சுத்தமாக இருந்தது. சோடியம் சரி. கல்லீரல் என்சைம்கள் மட்டும் மேல் வரம்பைப்போல மூன்று மடங்கு. மருந்து நிறுத்தி இரண்டாம் நாள் ராத்திரி மாமா தூங்கினார். மறுநாள் சாயங்காலம் லேபிலிருந்து எண் வந்தது: லிட்டருக்கு 8.7 மில்லிகிராம். நாங்கள் விரும்புவது 1-க்கு மேல், 5.5-க்குக் கீழ். 2008-இல் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து வந்த ஓர் ஆய்வுதான் இந்த இரண்டு கோடுகளையும் பலர் மனதில் போட்டது. 5.5-க்கு மேல் போனவர்களில் 31 சதவீதம் பேருக்கு மூளைக் குழப்பம் வந்திருந்தது. 1-ஐத் தாண்டாதவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்து வேலையே செய்யவில்லை. மொத்தம் 52 நோயாளிகள்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் வார்டில் நாங்கள் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

சரி, 200 மில்லிகிராம் எல்லோருக்கும் கொடுப்பதுதானே, இவருக்கு மட்டும் ஏன் 8.7?

யார் வீட்டு மரபணு

வோரிகொனசோலைக் கல்லீரலில் உடைத்து வெளியேற்றும் முக்கியமான என்சைம் சி.ஒய்.பி.2சி19. இதற்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வருகிறது. வேலை செய்கிற பிரதிக்கு ஸ்டார் 1 என்று பெயர். ஸ்டார் 2, ஸ்டார் 3 இரண்டும் வேலை செய்யாதவை. இரண்டுமே பழுதானவர்களுக்கு ஒரே அளவு மருந்தில் ரத்தத்தில் சேரும் மொத்த அளவு, இரண்டும் நன்றாக இருப்பவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு. ஒன்று மட்டும் பழுதென்றால் சுமார் இரண்டு மடங்கு. ஸ்டார் 17 என்று இதற்கு நேரெதிர் ரகமும் உண்டு, அது மருந்தைச் சீக்கிரம் தீர்த்துவிடும்.

ஐரோப்பியர்களில் இரண்டுமே பழுதானவர்கள் 100-க்கு 2 முதல் 5 பேர். புதுச்சேரி ஜிப்மரில் தமிழர்களிடம் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி நம்மிடம் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். ஒன்று மட்டும் பழுதானவர்களையும் சேர்த்தால் பாதிக்கு மேல். இதைப் படித்த நாளிலிருந்து, மாமாவுக்கு இரண்டும் பழுதாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தேன். மரபணுப் பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பினோம். அம்மாவின் கூடப்பிறந்தவர் என்பதால் என் கையைப் பார்த்துக்கொண்டே அனுப்பினேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து, மாமா வீட்டுக்குப் போன பிறகு வந்தது ரிப்போர்ட். ஸ்டார் 1, ஸ்டார் 2. ஒன்றுதான் பழுது. மரபணுவைப் பார்த்து மருந்து கொடுப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான சி.பி.ஐ.சி., இப்படிப்பட்டவருக்கு வழக்கமான அளவிலேயே தொடங்கச் சொல்கிறது. இரண்டும் பழுதென்றால் வேறு மருந்து பார் என்கிறது, வேகமாகத் தீர்ப்பவருக்கும் அப்படியே. ஆக, இந்த ரிப்போர்ட் முதல் நாளே என் கையில் இருந்திருந்தாலும் நாங்கள் இதே 200-தான் கொடுத்திருப்போம். இதே ராத்திரிதான் வந்திருக்கும்.

மிச்சத்தைச் செய்தவை வேறு இரண்டு. ஒன்று, வயிற்றுக்கு என்று ஓடிக்கொண்டிருந்த எசோமெப்ரசோல், 40 மில்லிகிராம் இரண்டு வேளை. அதுவும் இதே என்சைமைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஏற்கெனவே பாதி ஆளோடு நடக்கிற கடையில் இருக்கிற ஆளையும் பேச்சுக்கு இழுத்த கதை. இரண்டாவது, காய்ச்சல். உடம்பு முழுக்க அழற்சி கொதிக்கும்போது கல்லீரல் இந்த என்சைம்களைச் செய்வதையே குறைத்துக்கொள்கிறது. அழற்சியை அளக்கும் ரத்தப் பரிசோதனை சி.ஆர்.பி.; அன்றைக்கு மாமாவுக்கு அது 190. மரபணுவில் ஸ்டார் 1 இருந்தென்ன, அந்த வாரத்துக்கு அவர் கிட்டத்தட்ட இரண்டும் பழுதான ஆள்தான்.

இதற்கு மேல் இந்த மருந்துக்கே உள்ள ஒரு கோணல். பெரும்பாலான மருந்துகளில் அளவைக் கூட்டிய விகிதத்தில் ரத்தத்திலும் கூடும். இது அப்படியில்லை. ரேஷன் கடையில் எடை போட ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வந்தால் ஓடிவிடும். பதினைந்து பேர் வந்தால் வரிசை ஒன்றரை மடங்காவதில்லை, தெருமுனைக்குப் போய்விடும். பெரியவர்களுக்கு மாத்திரையை 200-லிருந்து 300 ஆக்கினால், அதாவது ஒன்றரை மடங்காக்கினால், ரத்தத்தில் சேரும் மொத்த அளவு சராசரியாக 2.5 மடங்காகிறது. இறக்கும்போதும் இதே கணக்குத்தான். 8.7-ஐப் பாதியாக்க மாத்திரையைப் பாதியாக்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அதனால் பயந்து பயந்துதான் இறக்கினோம். எசோமெப்ரசோலை எடுத்துவிட்டு, இந்த என்சைமை அவ்வளவாகத் தொடாத பான்டோபிரசோல். மூன்றாம் நாள் வோரிகொனசோலை வேளைக்கு 150 என்று மறுபடி தொடங்கி, ஆம்போடெரிசினை நிறுத்தினோம். ஐந்து நாள் கழித்து லெவல் 3.6. பிரமை இல்லை, கல்லீரல் என்சைம்கள் இறங்கத் தொடங்கின. மாத்திரை போட்ட அரைமணியில் டியூப் லைட் மட்டும் அவ்வப்போது கொஞ்சம் கூடியது, அதை அவரே கண்டுகொள்ளவில்லை. வெள்ளையணுக்களும் ஏறின. எல்லோரும் நிம்மதியாக மாமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சத்தமில்லாத பக்கம்

அந்த நிம்மதியில்தான் இரண்டாவது தப்பையும் செய்திருப்போம். மூன்று வாரம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தபோது மாமா தெம்பாக இருந்தார். காய்ச்சல் இல்லை, சி.ஆர்.பி. 9. அதே 150, அதே இரண்டு வேளை, ஒன்றையும் மாற்றவில்லை. "3.6 வந்தாச்சே, இன்னொரு லெவல் எதுக்கு, அதுக்கு வேற காசு" என்று அத்தை கேட்டார், நியாயமான கேள்வி. முதல் தப்பு நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்ததால் மட்டும் நான் விடாப்பிடியாக நின்றேன். வந்த எண் 0.9.

அழற்சி அடங்கியதும் கல்லீரல் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. மருந்து மாறவில்லை, மரபணு மாறவில்லை, மனிதர் மாறிவிட்டார். இந்தப் பக்கத்துக் கஷ்டம் என்னவென்றால் இதற்கு அறிகுறியே கிடையாது. லெவல் ஏறினால் மெஷின் ஓடும், ஆள் கத்துவார், யாராவது ஓடி வருவார்கள். இறங்கினால் நோயாளிக்கு முன்பைவிட நன்றாக இருக்கும். வெளிச்சக் கோளாறுகூட நின்றுவிடும். அடுத்த சி.டி.யில் கட்டி பெரிதாகியிருக்கும்போதுதான் தெரியும். 200-க்கு ஏற்றினோம், ஐந்தாம் நாள் 2.4. ஒன்பதாம் நாள் அவரைப் பிரமையில் தள்ளிய அதே 200.

நம் ஊரில் இந்தச் சத்தமில்லாத பக்கத்துக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. நுரையீரலில் நிழல் என்றால் முதலில் காசநோய் மருந்துதான் தொடங்குவார்கள், அதில் ரிஃபாம்பிசின் இருக்கும். அது கல்லீரலின் என்சைம்களை முடுக்கிவிட்டு வோரிகொனசோலில் 90 சதவீதத்துக்கு மேல் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ரிஃபாம்பிசினை நிறுத்தினாலும் அந்த முடுக்கம் இரண்டு வாரம்போலத் தொடரும். வலிப்புக்கான பழைய மருந்துகள் சிலவும் இதே வேலையைச் செய்யும். வோரிகொனசோல் எழுதிய சீட்டு என் மேசைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சீட்டை அல்ல, அந்த ஆள் சென்ற மாதம் சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலை.

மரபணுப் பரிசோதனையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழு பேரில் ஒருவர் என்கிற ஊரில் அது முதல் நாளே கையில் இருந்தால் அந்த ஒருவர் தப்பிப்பார். ஆனால் ரிப்போர்ட் வர வாரக்கணக்காகிற நிலையில், இருக்கிற பணத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றால், நான் அதை இரண்டு லெவலுக்குச் செலவழிப்பேன். ஒன்று ஐந்தாம் நாள், ஞாயிறு வருகிறதா என்று பார்த்து ஒரு நாள் முன்னதாகவாவது. இன்னொன்று காய்ச்சல் விட்ட பிறகு. எங்கள் டாக்டர் இதை ஒப்புக்கொள்வதில்லை, மரபணுதான் முதலில் என்பார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

வார்டில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். வோரிகொனசோல் நோயாளிகளின் சீட்டில் "பார்வை மாற்றம்" என்று இனி யாரும் எழுதுவதில்லை. மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, எப்போது போனது, கண்ணை மூடினால் போகிறதா, ஏதாவது கேட்கிறதா என்று நர்ஸ் கேட்டு எழுத வேண்டும். கேட்க ஒரு நிமிஷம் ஆகும்.

மாமாவுக்கு மொத்தம் 12 வாரம் மருந்து ஓடியது. கடைசி மாதத்தில் முகமும் முன்கையும் வெயிலில் கன்றிப்போயின, அதுவும் இந்த மருந்தின் வேலைதான்; சிவகாசி வெயிலில் முழுக்கைச் சட்டையும் குடையுமாகத் திரிந்தார். போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது அந்த ராத்திரி பற்றிப் பேச்சு வந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. அவருக்கு அது ஒரு நல்ல கதை, தெருவில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

"அஞ்சு யூனிட் மெஷின் தாயி. நான் ஓட்டுனதெல்லாம் நாலு கலர்தான். அந்த அஞ்சாவது யூனிட்ல என்ன கலர் போட்டிருக்கான்னு எட்டிப் பாக்கப் போனேன், அதுக்குள்ள மாத்திரைய நிறுத்திப்புட்ட."